ஹால் டிக்கெட் ஏன் வரவில்லை என்று சொல்ல என்ன தயக்கம்?

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கணினி வேலை பார்ப்பவன் நான். இந்த வாரம் எங்கள் தேர்வு அலுவலக ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். படித்துவிட்டு மூத்தவர் ஒருவர், "நம் வீட்டுக் குப்பையை நாமே தெருவில் கொட்டுவதா தம்பி?" என்று கேட்டார். குப்பை என்று அவர் சொன்னது இதைத்தான்:

"ஹால் டிக்கெட் தயாராகாததற்குக் காரணம் மென்பொருள் பழுது அல்ல. தேர்வுக் கட்டணக் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை. மூன்று கல்லூரிகளில் சில பதிவுகள் வங்கிப் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை; அவற்றின் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நிதிப் பிரிவு ஒப்புதல் தந்த பிறகே ஹால் டிக்கெட் உருவாகும். கேட்டு வருபவர்களிடம் 'நீ பணம் கட்டவில்லை' என்று சொல்ல வேண்டாம். பரிவர்த்தனை எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கட்டச் சொல்லவே வேண்டாம்."

இணைத்த பட்டியலில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். ஐந்து தாள்கள், ஓர் அரியர். தாளுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் அறுநூறு. பணத்தை பிரவுசிங் சென்டர்காரரிடம் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறாள். அவர் தன் கைபேசியிலிருந்து கட்டியிருக்கிறார். டெல்டா கிராமங்களில் பல பிள்ளைகள் இப்படித்தான் கட்டுகிறார்கள். பணம் போய்விட்டது, திரையில் "Pending" என்றே நின்றது. நல்ல மனிதர், கடைசி நாள் என்று பதறி இன்னொரு முறையும் கட்டிவிட்டார். இரண்டாவது உடனே ரசீது தந்தது. அடுத்த வேலை நாளில் வங்கி அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் முதல் பணமும் வந்து சேர்ந்திருக்கிறது. வங்கியில் ஆயிரத்து இருநூறு, எங்கள் பதிவேட்டில் அறுநூறு. கல்லூரியின் மொத்தத் தொகை உதைக்கிறது. நிதிப் பிரிவு கையெழுத்துப் போடவில்லை.

இந்தப் பெண் கவுன்ட்டருக்கு வந்து நின்றால் நம் ஆள் என்ன சொல்வார்? திரையில் ஹால் டிக்கெட் இல்லை, ஆகவே "கட்டணம் நிலுவை, கட்டிவிட்டு வா." மூன்றாவது அறுநூறும் வந்து சேரும், கணக்கு இன்னும் குழம்பும். பரிவர்த்தனை எண்ணைக் கேட்டாலும் அவளிடம் இருக்காது. அது சென்டர்காரர் கைபேசியில் கிடக்கிறது. நவம்பர் மழையில் இரண்டு பஸ் மாறி வந்தவளைத் திருப்பி அனுப்பி, அந்த எண்ணை வாங்கி வரச் சொல்வது அநியாயம். சென்டருக்குப் போன் செய்து அங்கேயே நின்று வாங்கச் சொல்லலாம்.

"கணக்கு முடியாவிட்டால் என்ன, பட்டனை அழுத்திவிடு" என்றும் சிலர் சொல்கிறார்கள். அதை மட்டும் செய்ய மாட்டேன். எங்களிடம் ஹால் டிக்கெட், வருகைப் பதிவுத் தாள், மையம்வாரியான வினாத்தாள் எண்ணிக்கை மூன்றும் ஒரே தரவிலிருந்து வருகின்றன. கட்டணம் உறுதியாகாத அரியர் தாள் அந்தத் தரவில் இருக்காது. இன்று மூன்றையும் அச்சடித்துவிட்டு, பிறகு அரியரைச் சேர்த்து ஹால் டிக்கெட்டை மட்டும் புதிதாகக் கொடுத்தால், பிள்ளையின் கையில் இருக்கும் ஹால் டிக்கெட்டில் அந்தத் தாள் இருக்கும், அறைக் கண்காணிப்பாளரின் வருகைப் பதிவில் பெயர் இருக்காது. அவர் பேனாவால் எழுதிச் சேர்ப்பார். அந்தக் கையெழுத்து வரியை யாராவது கணினியில் ஏற்ற மறந்தால், எழுதிய தேர்வுக்கு "AB", அதாவது தேர்வுக்கே வரவில்லை என்று முடிவு வரும். அப்புறம் அந்தப் பிள்ளை நம் வராண்டாவில் ஒரு மாதம் அலைய வேண்டும்.

அதற்காக நிதிப் பிரிவு சொல்வதும் சரியென்று நான் ஏற்கவில்லை. அவர்கள் கல்லூரி வாரியாகப் பூட்டுகிறார்கள். நாலைந்து பதிவுகள் உதைத்தால் அந்தக் கல்லூரியில் ஒழுங்காகக் கட்டிய அத்தனை பேருக்கும் ஹால் டிக்கெட் நிற்கிறது. கேட்டால், மொத்தம் நேராகாமல் எப்படி முடிப்பது என்கிறார்கள். எதில் சேர்ப்பது என்று முடிவாகாத பணத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் அனாமத்துக் கணக்கைப் பற்றி, அலுவலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடுதலாக வந்த அறுநூறை அனாமத்தில் வைத்தால் மொத்தம் நேராகிவிடும். அந்தப் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் போய்விடும். பணத்தைத் திருப்பித் தருவதைத் தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம். வங்கியில் பணமே வராத பதிவுகளை மட்டும் தனியாக நிறுத்தி, அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கலாம். பணம் கூடுதலாக வந்தவரையும் வராதவரையும் ஒரே சிவப்புக் குறிக்குள் அடைத்து வைத்திருப்பதுதான் இப்போதைய சிக்கல்.

மூத்தவருக்கு என் பதில் இதுதான், சார். குறிப்பு போன மறுநாளே ஒரு கல்லூரியின் எழுத்தர் உட்கார்ந்து, இரட்டையாக வந்த தொகைகளை எண்களோடு எழுதி அனுப்பிவிட்டார். அதுவரை அவர் சர்வர் பழுது என்று நினைத்துக் காத்திருந்தாராம். இன்னும் இரண்டு கல்லூரிகள் பாக்கி.