பாட்டை நிறுத்துங்க தம்பி!

(நெடுஞ்சாலையில் புது காரின் சோதனை ஓட்டம். ஓட்டுவது கோமதி. பக்கத்து இருக்கையில் விற்பனையாளர் சேகர்.)

சேகர்: சத்தமே கேட்காது மேடம்! ஒரு பாட்டு போடட்டுமா?

கோமதி: போடாமல் இருந்தால்தானே சத்தம் கேட்காதது கேட்கும்? ஏசி விசிறியையும் நிறுத்துங்க. அப்புறம்... நீங்களும்.

சேகர்: நானுமா?

கோமதி: இதுவரை கேட்டதில் பெரிய இரைச்சல் நீங்கள்தான்.

(அமைதி. வேகம் 90. 'ஊஊம்' என்று ஒரு சத்தம்.)

சேகர்: அது என்ஜின் மேடம். பவர்!

கோமதி: பார்த்துவிடலாம். இப்போது ஐந்தாவது கியர். அதே 90-இல் நான்காவதுக்கு மாற்றுகிறேன். என்ஜின் சுற்று ஏறுகிறது, சத்தமும் ஏற வேண்டுமே?

சேகர்: என்ஜின் சத்தம் கூடத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஊஊம் அப்படியே இருக்கிறது.

கோமதி: அப்படியென்றால் அது என்ஜின் இல்லை. இதோ, கான்கிரீட் சாலை முடிந்து தார்ச்சாலை வருகிறது. கவனியுங்க.

சேகர்: அட, குறைந்துவிட்டது!

கோமதி: வேகம் மாறவில்லை, சாலைதான் மாறியது. எனவே அது டயர் சத்தம். நல்ல சாலையில் மட்டும் ஓட்டிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. டயரில் காற்று எவ்வளவு?

சேகர்: யார்டில் நிற்கும் வண்டி... கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

கோமதி: அதுவும் அதிர்வைக் கூட்டும். சரியான அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் தீர்ப்பு. ஆனால் வலது காதில் ஒரு விசில் மட்டும் எந்தச் சாலையிலும் போகவில்லையே?

சேகர்: காற்று நமக்காகப் பாடுகிறது மேடம்.

கோமதி: 60-க்குக் குறைத்தால் பாட்டு நின்றுவிடுகிறது. பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடியோ கதவு ரப்பரோ, இரண்டில் ஒன்று. பாதுகாப்பாக ஓரம் கட்டுகிறேன். இந்த டேப்பை என் கதவின் இடுக்கு முழுக்க வெளியிலிருந்து ஒட்டுங்க.

சேகர்: உங்களை உள்ளே வைத்தா?

கோமதி: விசில் கேட்கும்போதும் உள்ளேதானே இருந்தேன்?

(ஒட்டியாயிற்று. மறுபடி 90. விசில் இல்லை.)

சேகர்: போய்விட்டது!

கோமதி: இடுக்கை மூடியதும் நின்றதால் கதவு ரப்பர்தான். ஷோரூமில் டேப்பைப் பிரித்துவிட்டு, கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி, அங்கங்கே இழுத்துப் பாருங்க. எங்கே இறுக்கமில்லாமல் உருவிக்கொண்டு வருகிறதோ, அங்கே ரப்பர் சரியாக அழுந்தவில்லை. கதவைச் சரிசெய்தால் தீரலாம். தீர்ந்த பிறகு இதே சாலையில் இன்னொரு ஓட்டம், அப்புறம்தான் முன்பணம்.

சேகர்: ஒரு சின்ன வேண்டுகோள் மேடம். இந்த டேப்பை இன்று மட்டும் பிரிக்காமல் விடலாமா?

கோமதி: ஏன்?

சேகர்: நான்கு மணிக்கு வேறொருவர் வருகிறார். அவரை இடது பக்கமாக ஏற்றிக்கொள்கிறேன்.