மருந்தளவை முழுமைப்படுத்தும் வேலையைக் கட்டிலருகே தள்ளாதீர்கள்

குழந்தைகள் வார்டில் எடைக்கு ஏற்ப மருந்தைக் கணக்கிட்டால், விடை சிரிஞ்சின் கோட்டில் வந்து நிற்பது அபூர்வம். 4.56 மி.லி. என்று வரும், 0.425 மி.லி. என்று வரும். யாராவது அதைச் சிரிஞ்சில் அளக்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். அந்த வேலையை மருந்து எழுதுகிற மருத்துவரே, எழுதும்போதே, ஒரே ஒரு முறை செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நள்ளிரவில் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிற்கும் செவிலியரின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

எளிதான மருந்திலிருந்தே தொடங்குகிறேன். 7.3 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் என்றால் 109.5 மி.கி. ஐந்து மில்லியில் 120 மி.கி. உள்ள திரவத்தில் அது 4.56 மி.லி. உடனே "4.5" என்று எழுதிவிடுகிறார்கள். தாளில் அது அழகான எண்தான். ஆனால் 5 மி.லி. சிரிஞ்சுகள் பலவற்றில் கோடுகள் 0.2 மி.லி. இடைவெளியில் இருக்கும். 4.4-க்குக் கோடு உண்டு, 4.6-க்கு உண்டு, 4.5-க்குக் கிடையாது. இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணால் குறி வைக்க வேண்டியதுதான். 4.4 என்று எழுதியிருந்தால் 105.6 மி.கி. போகும், குறைவது நான்கு சதவீதத்துக்கும் கீழே. காய்ச்சல் மருந்தில் அதனால் எந்தக் கேடும் இல்லை, எல்லோருடைய கையிலும் ஒரே அளவாக வரும்.

ஜென்டாமைசினில் இந்தத் தாராளம் செல்லாது. சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. 3.4 கிலோ பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 17 மி.கி. தேவை. ஒரு மில்லியில் 40 மி.கி. உள்ள குப்பியிலிருந்து எடுத்தால் 0.425 மி.லி. இனி நடப்பதைக் கவனியுங்கள். ஒருவர் எடையை 3.5 என்று எழுதுகிறார். 17.5 மி.கி. வருகிறது, 18 ஆக்குகிறார். அது 0.45 மி.லி. கையில் கிடைத்தது 2 மி.லி. சிரிஞ்சு, அதில் கோடுகள் 0.1 இடைவெளியில்தான். ஆகவே 0.5 மி.லி. ஏற்றப்படுகிறது. குழந்தைக்குப் போனது 20 மி.கி., தேவையைவிடச் சுமார் 18 சதவீதம் அதிகம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் யாரும் தவறு செய்ததாகத் தோன்றாது. மூன்று முறையும் மேல்நோக்கியே திருத்தியதால் வந்த வினை இது. இடையில் எதையும் திருத்தாமல், கடைசியில் வரும் மில்லி கணக்கை மட்டும் திருத்த வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இதே குழந்தைக்கு 1 மி.லி. சிரிஞ்சை எடுத்திருந்தால் கோடுகள் 0.01 இடைவெளியில் இருந்திருக்கும். 0.42 என்றால் 16.8 மி.கி., 0.43 என்றால் 17.2. இரண்டுமே போதும். அதைவிட நல்ல வழி, ஒரு மில்லியில் 10 மி.கி. உள்ள குழந்தைகளுக்கான குப்பியை எடுப்பது. அப்போது 1.7 மி.லி.; சாதாரண 2 மி.லி. சிரிஞ்சிலேயே கோட்டில் வந்து நிற்கும், முழுமைப்படுத்தும் தேவையே இல்லை. திருத்தம் ஐந்து சதவீதத்தைத் தாண்டுகிறதென்றால், நான் மருந்தளவில் கை வைக்க மாட்டேன். முதலில் சிரிஞ்சை மாற்றுவேன், இல்லையென்றால் குப்பியை மாற்றுவேன். டிகாக்சின் போன்ற மருந்துகளில் அந்த ஐந்து சதவீதத்தைக்கூட நானாக எடுத்துக்கொள்ள மாட்டேன், கேட்டுத்தான் செய்வேன்.

குறைந்த அளவைக் கண்டதும் சிலர் அதே சிரிஞ்சுக்குள் சலைனை இழுத்து நீர்க்கச் செய்கிறார்கள். இது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. சிரிஞ்சின் மூக்கிலும் ஊசியிலும் கோட்டுக் கணக்கில் சேராத கொஞ்சம் மருந்து தங்கியிருக்கும். சலைனை இழுக்கும்போது அதுவும் உள்ளே வந்துவிடும். அது 0.07 மி.லி. என்று வைத்துக்கொண்டால், 40 மி.கி. குப்பியில் 2.8 மி.கி. கூடுதல் மருந்து. 0.42-ஆ 0.43-ஆ என்று பார்த்துப் பார்த்து அளந்ததெல்லாம் வீண். நீர்க்க வேண்டுமென்றால் மருந்தை ஒரு சிரிஞ்சில் அளந்து, சலைன் உள்ள இன்னொரு சிரிஞ்சுக்குள் செலுத்திக் கலக்க வேண்டும்.

இவ்வளவையும் கட்டிலருகே, அழும் குழந்தைக்கும் பதறும் தாய்க்கும் நடுவில் யோசிக்க முடியாது. மருந்துத் தாளிலேயே "ஜென்டாமைசின் 17 மி.கி. = 1.7 மி.லி., 10 மி.கி./மி.லி. குப்பி" என்று எழுதியிருக்க வேண்டும். மில்லிகிராம் இல்லாமல் மில்லியை மட்டும் எழுதினால் குப்பி மாறும்போது ஆபத்து. மில்லிகிராமை மட்டும் எழுதினால் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் திருத்துவார்கள். கையிருப்பில் 40 மி.கி. குப்பி மட்டும்தான் இருக்கிறதென்றால், அதை மருந்து எழுதுவதற்கு முன்பே மருத்துவருக்குத் தெரியப்படுத்துவது மருந்தகத்தின் வேலை.