மாசம் 1,200 பேர் வரும் பக்கத்தில் பட்டன் நிறத்தையா சோதிப்பது?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அனுப்பியவர் மொட்டை மாடிகளுக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்து தரும் அண்ணன் ஒருவர். அவருடைய லேண்டிங் பேஜில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பச்சை பட்டன், மீதிப் பேருக்கு ஆரஞ்சு பட்டன் என்று ஒரு ஸ்பிளிட் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வாரத்தில் பச்சைக்கு 4 என்கொயரி, ஆரஞ்சுக்கு 8. கீழே ஒரு வரி: "தம்பி, டபுள் ஆயிடுச்சு!"

"அண்ணே, இன்னும் மூணு வாரம் கை வைக்காம விடுங்க" என்றேன். மாசக் கடைசியில் பச்சை 17, ஆரஞ்சு 18.

அவர் ஏமாந்ததில் தப்பே இல்லை. சின்ன எண்கள் தானாகவே ஆடும். இதற்கு நான் வைத்திருக்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய சமமாக ஆள் வந்திருந்தால், என்கொயரிகளின் வித்தியாசத்தை மொத்த என்கொயரியின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். 2-ஐத் தாண்டினால் கவனிக்கலாம். 4-க்கும் 8-க்கும் வித்தியாசம் 4, மொத்தம் 12, வர்க்கமூலம் சுமார் 3.5. வகுத்தால் 1.2 கூட வரவில்லை. நாணயம் சுண்டிய கதைதான்.

சரி, பட்டன் நிறம் உண்மையிலேயே பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதாவது 100 பேருக்கு 3 என்கொயரி வந்த இடத்தில் 3.3. அதை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் 50,000 பேருக்கு மேல் வேண்டும். அண்ணனுக்கு மாசம் 1,200 பேர். ஏழு வருஷம் ஆகும்! அதற்குள் அவர் மகன் தொழிலுக்கு வந்து பக்கத்தையே மாற்றிவிடுவான். அதே 3, 6 ஆகும் அளவுக்கு ஒரு மாற்றம் இருந்தால் பக்கத்துக்கு 750 பேர் போதும். வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் ஏறக்குறைய நாலு மடங்கு ஆவார்கள், இரட்டையானால் கால்வாசி போதும். கூகுள் 41 நீல நிறங்களைச் சோதித்த கதையைச் சொல்லிச் சொல்லியே நம்மவர்களைக் கெடுத்துவிட்டார்கள். அவர்களிடம் அதற்கான கூட்டம் இருந்தது.

அதனால் பட்டனை விட்டுவிட்டு, அண்ணனுக்கு வரும் போன்களைப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் கேட்டேன். எல்லோரும் கேட்டது மூன்றே கேள்வி. சதுர அடிக்கு எவ்வளவு, எத்தனை வருஷம் தாங்கும், பழைய தட்டோட்டைப் பெயர்க்க வேண்டுமா. பக்கத்தில் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. கம்பெனி வரலாறும், ஓடும் படங்களும், ஒன்பது கட்டம் உள்ள ஃபார்மும்தான் இருந்தன.

புதுப் பக்கம் முழுக்க வேறு. தலைப்பில் ஒழுகும் மாடி, அதன் கீழேயே சதுர அடி விலை வரம்பு, வாரண்டி வருஷம், ஒரே மாடியின் முன்னும் பின்னுமான படம். ஃபார்மைத் தூக்கிவிட்டு ஒரு வாட்ஸ்அப் பட்டன், ஒரு போன் நம்பர். ஆறு வாரம் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம், நடுவில் நிறுத்துவதில்லை. பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடியது முக்கியம். இந்தத் தொழிலில் ஒரு மழை பெய்தாலே என்கொயரி எகிறும். போன மாசத்தோடு இந்த மாசத்தை ஒப்பிட்டால் வெற்றி மழைக்குப் போய்ச் சேரும்.

பழையது, புதியது ஒவ்வொன்றுக்கும் சுமார் 830 பேர் வந்தார்கள். பழையதில் 25, புதியதில் 45. வித்தியாசம் 20, மொத்தம் 70, வர்க்கமூலம் 8.4 சொச்சம். வகுத்தால் 2.4.

எண்பது சதவீதம் ஏறிவிட்டது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்கிறார். நான் சொல்லமாட்டேன். இந்த எண்களை வைத்து, புதுப் பக்கம் மேல் என்பதைத்தான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு மேல் என்று கேட்டால், கொஞ்சூண்டு என்பதில் தொடங்கி இரண்டு மடங்குக்கு மேல் வரை எதுவாகவும் இருக்கலாம். விலையா, படமா, வாட்ஸ்அப்பா, எது வேலை செய்தது என்றும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லும் நண்பர்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க நம்மிடம் ஆள் இல்லை என்பதால்தானே மொத்தமாக மாற்றினோம்?

எனக்கு உறுத்தியது வேறு. வாட்ஸ்அப்பில் "ரேட்?" என்று ஒற்றைச் சொல் அனுப்பிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் அதிகம். மாடியை நேரில் பார்க்கக் கூப்பிட்டவர்களை மட்டும் எண்ணினால் பழையதில் 14, புதியதில் 22. அதே கைக்கணக்கில் 1.3. நல்ல பக்கமாகத்தான் சாய்கிறது, ஆனால் சத்தியம் செய்ய முடியாது. புதியதையே வைத்துக்கொண்டோம். அடுத்து சதுர அடி விலையை எடுத்துவிட்டு 1,000 சதுர அடி மாடிக்கு மொத்தச் செலவைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் பயப்படுகிறார்.