உண்மை விளக்கம்: ஊனச் சான்றிதழ் சதவீதத்தை மாற்றவே முடியாதா?

"ஒருவாட்டி மெடிக்கல் போர்டுல சதவீதம் போட்டுட்டா அவ்ளோதான், மறுபடி கேக்கவே முடியாது."

கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த இதை நம்பித் தண்டையார்பேட்டையில் ஒரு அக்கா இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை. அவருக்குச் செவித்திறன் குறைபாடு, சான்றிதழில் 35 சதவீதம். பல சலுகைகளுக்கு 40 வேண்டும்.

செவிக்கு, நன்றாகக் கேட்கும் காதின் குறைபாட்டுச் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதின் குறைபாட்டுச் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். அவருக்கு அன்று 30, 60; எனவே 35. மோசமான காது மட்டும் 80 ஆகியிருந்தால் 38தான். ஆனால் நல்ல காது 40 ஆகியிருக்கிறது. கணக்கு 43ஐத் தொடுகிறது.

ஆகவே மறுபரிசோதனை கேட்கும் மனுவில் "சதவீதம் போதவில்லை" என்று எழுதாதீர்கள். "முந்தைய பரிசோதனைக்குப் பின் நல்ல காதிலும் கேட்கும் திறன் குறைந்துள்ளது" என்று எழுதி, கேட்கும் திறனை அளந்த பழைய, புதிய ஆடியோகிராம் இரண்டையும் வையுங்கள். போர்டு மறுபடி சோதிக்கும். சதவீதம் குறையவும் கூடும்.

அன்றைய அளவீடே தவறு என்றால் வழி வேறு: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு.