81 எடுத்தும் பி

தவணைப் பரீட்சையில் வகுப்பு நிலையைப் பார்த்து ஏ, பி போட்ட அந்தப் புள்ளிப் பட்டியலைப் பற்றி எழுதாமல் விடுவம் எண்டுதான் இருந்தன். "போட்டி இருந்தால்தானே பிள்ளையள் படிக்கும்" எண்டு பெரியாக்களே எழுதுறதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியேல்லை.

40 பிள்ளைகள் உள்ள தரம் 10 வகுப்பு. கணிதத்தில் முதல் 8 பேருக்கு மட்டும் ஏ. 81 எடுத்த பிள்ளை ஒன்பதாவதாக வந்ததால் பி. இதே 81ஐ சாதாரண தரத்தில் எடுத்தால் ஏ. அங்கே 75க்கு மேல் எத்தனை பேர் எடுத்தாலும் ஏதான்.

முழு வகுப்பும் 30 புள்ளி குறைய எடுத்திருந்தாலும் 8 ஏ வந்திருக்கும். அப்ப அந்த ஏ, பிள்ளைக்குக் கணக்குத் தெரியும் எண்டு சொல்லேல்லை. பக்கத்தில் இருந்தவரை விடக் கூட எடுத்தது எண்டு மட்டும்தான் சொல்லுது.

என்ர மகனுக்கும் இது நடந்தது. முதலாம் தவணையில் 38. காரணிப்படுத்தல் சுத்தமாக ஓடாது. இரவில இருந்து திரும்பத் திரும்பச் செய்து அடுத்த தவணையில் 52 எடுத்தான். சாதாரண தரம் மாதிரி நிலையான அளவுகோலில் அது எஸ் சித்தியில் இருந்து சி சித்திக்கு ஏறினது. றிப்போட்டில அப்படி ஒரு வரியும் இல்லை. மற்றப் பிள்ளைகளும் கூட எடுத்ததால் அதே 27ஆம் பிள்ளை. "என்ன செய்தாலும் 27தானே அம்மா" எண்டான். அதுக்குப் பிறகு அந்தக் கொப்பியை அவன் தானாகத் திறக்கேல்லை.

"பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளிதானே, அதுவும் ஒப்பீடுதானே?" எண்டு கேட்பீங்கள். ஓம், ஒப்பீடுதான். அங்கே இடங்கள் குறைவு, ஆரையாவது தெரிவு செய்யத்தான் வேணும். பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் வேறு. அதனால் சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரிக்கினம். ஆனால் உயர்தரப் பெறுபேற்றிலும் 75க்கு ஏ தனியாகக் கிடைக்கும், இசட் புள்ளி வேறாக வரும். தவணைப் பரீட்சையில் எந்த இடத்துக்கு ஆரைத் தெரிவு செய்யிறீங்கள்?

வினாத்தாள் கடினமாக அமைஞ்சால் நிலையான அளவுகோல் பிள்ளையைத் தண்டிக்கும் எண்டு ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். அது நியாயம். அதுக்கு வினாத்தாளைத்தான் திருத்த வேணும். பிள்ளை என்ன செய்யத் தெரிஞ்சால் ஏ எண்டு பரீட்சைக்கு முதலே எழுதி வையுங்கோ.

போட்டி எண்டு சொல்லுறவைக்குப் பதில் சொல்லக்கூட மனம் வரேல்லை. எட்டு ஏக்குள் இடம் பிடிக்க வேணும் எண்டால் ஏன் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கும்? என்ர மகன் தான் போகாத நாள் பாடத்தைப் பார்த்தெழுத, கூடப் படிக்கிற ஒரு பிள்ளையிட்டக் கொப்பி கேட்டவன். அந்தப் பிள்ளையின்ர தாய் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. இவ்வளவு காலமும் அவவில கோவமாக இருந்தன். இப்ப கோவம் அந்தப் பட்டியலில.

கோயில் வீதியில் கண்டாலும் "வகுப்பில எத்தனையாம் பிள்ளை?" எண்டுதானே கேட்கிறம். என்ன படிச்சனி எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்லை. வாற பெற்றோர் கூட்டத்தில் நான் நிலையைக் கேட்கப் போறேல்லை. 52 போக மிச்ச 48 புள்ளியும் எந்தெந்தக் கணக்கில போனது எண்டுதான் கேட்கப் போறன்.