36 மில்லிமீட்டர் மழை எங்கே போனது?

புதுச்சேரியின் மாதவாரி மழை அட்டவணைப் படம் ஒன்றைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு: "புதுச்சேரியின் 12 மாத மழையைக் கூட்டினால் 1,338 மி.மீ. வருது, கீழே 1,302னு போட்டிருக்காங்க. 36 மி.மீ.யை மறைச்சிட்டாங்க!"

மறைத்ததற்கு இது சான்றே இல்லை. அந்தப் படத்தின் மாத எண்களையே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், 1,338 என்ற கூட்டல் சரிதான். தசமத்தை முழு எண்ணாக்கியதால் வந்த வித்தியாசமா? அதுவும் இல்லை. மாதத்துக்கு அதிகபட்சம் அரை மில்லிமீட்டர், 12 மாதத்துக்கு 6 மி.மீ.தான் தேறும்.

ஆனால் 36, ஒன்பதால் மீதியின்றி வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் அப்படித்தான் வரும். இது 36 என்பதால், பத்தாம் இட இலக்கம் ஒன்றாம் இடத்தைவிட 4 கூடுதலாக உள்ள மாதத்தைத் தேட வேண்டும். நவம்பரில் 351 என்று இருக்கிறது. அதை 315 ஆக்கினால் மொத்தம் 1,302.

படத்தில் மாதச் சராசரி 108.5 என்கிறார்கள். 1,302ஐ 12ஆல் வகுத்தால் அதே எண் வருகிறது; 1,338 என்றால் 111.5 வந்திருக்கும். ஆனால் சராசரியை அந்த மொத்தத்திலிருந்தே போட்டிருப்பார்கள். அதைத் தனிச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நவம்பர்மீது எனக்குப் பலத்த சந்தேகம், அவ்வளவே. படத்தைப் பகிருமுன் வானிலை ஆய்வுத் துறையின் மூல அட்டவணையில் நவம்பர் வரியை மட்டுமாவது ஒப்பிடுங்கள். படமும் அந்த அட்டவணையும் ஒரே ஆண்டுகளின் சராசரிதானா என்றும் பாருங்கள்.