நிராகரிப்புக்குப் பின் எழுதலாமா: ஒரு திருத்தம்

“ஒரு தடவை ரிஜெக்ட் ஆனா ஆறு மாசத்துக்கு அந்த ரெக்ரூட்டருக்கு மெயிலே போடக்கூடாது, பிளாக்லிஸ்ட் பண்ணிடுவாங்க.”

இது பாதிதான் சரி. காத்திருப்புக் காலம் வைத்திருக்கும் நிறுவனங்களில், அது பெரும்பாலும் தேர்விலோ நேர்காணலிலோ தேறாதவர் அதே வகைப் பணிக்கு மறுபடி விண்ணப்பிப்பதைத்தான் தடுக்கிறது. அதன் நீளமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வேறொரு பணியைப் பற்றி ரெக்ரூட்டரிடம் கேட்பதை அது தடுப்பதில்லை. கன்சல்டன்சி வழியாக விண்ணப்பித்தவர்களுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை மட்டும் நியாயமானது: உங்கள் ரெஸ்யூமேயை அந்த நிறுவனத்துக்கு முதலில் அனுப்பிய ஏஜென்சிக்கு உங்கள் விண்ணப்பத்தின் மீது சில மாதங்கள் உரிமை இருக்கக்கூடும் என்பதால், நேரடியாக விண்ணப்பிக்கும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரியில் டீம் லீட் பணிக்கான இறுதிச் சுற்றில், ஆட்களை நிர்வகித்த அனுபவம் போதாது என்று என்னை நிராகரித்தார்கள். ஜூனில் அதே நிறுவனத்தில் ஆட்டோமேஷன் டெஸ்டர் பணி வந்தபோது, நிராகரிப்பு வந்த அதே மெயிலுக்குப் பதிலாகவே, புதிய ஜாப் ஐடி, அந்தப் பணிக்குப் பொருந்தும் இரண்டு புராஜெக்டுகள், திருத்திய ரெஸ்யூமே ஆகியவற்றோடு நான்கு வரி எழுதினேன். பழைய உரையாடல் கீழேயே இருந்ததால், நான் யார் என்று ரெக்ரூட்டர் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் சுற்றைத் தவிர்த்து நேரே மேனேஜரிடம் பேச வைத்தார். தொழில்நுட்பச் சுற்றிலேயே தேறாமல் போனவர் இதை அப்படியே பின்பற்ற முடியாது. காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதை அவர் முதலில் கேட்டறிய வேண்டும்.